648 கிலோ பருப்பு: முழுவதையும் பதிவழிப்பதா, பிரித்து எழுதுவதா?

மார்ச் 31ஆம் திகதி இரவு எட்டரை மணிக்கு எண்ணி முடித்தோம். கணினியில் மைசூர் பருப்பு 4,860 கிலோ இருந்தது. கிட்டங்கியில் 168 மூடையும், வாய் திறந்த ஒரு சாக்கில் 12 கிலோவும் இருந்தன. மொத்தம் 4,212. குறைவு 648 கிலோ. கிலோ 260 ரூபாய் கிரயத்துக்குப் போட்டுப் பார்த்தால் 168,480 ரூபாய்.

யாழ்ப்பாணத்தில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தின் கிட்டங்கிக்கு நான் பொறுப்பு. அவுஸ்திரேலியாவிலும் கனடாவிலும் விளைந்த பருப்பு கொழும்பில் இறங்கி, ஏ9 வழியாக லொறியில் 25 கிலோ மூடைகளாக எங்களிடம் வருகிறது. ஒரு பங்கை மூடையாகவே கடைகளுக்குக் கொடுக்கிறோம். மிச்சத்தை எங்கள் மேசையில் ஒரு கிலோ பக்கற்றாகக் கட்டுகிறோம். செப்டெம்பர் கடைசியிலும் மார்ச் கடைசியிலும் முழு இருப்பெடுப்பு நடக்கும். மார்ச் 31 எங்கள் நிதியாண்டின் கடைசி நாள் என்பதால், அன்றைய எண்ணிக்கை அப்படியே ஆண்டுக் கணக்குக்குள் போகும்.

அடுத்த நாள் காலையில் கணக்குப் பிரிவு அக்கா கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, இதை என்ன செய்யப் போறீங்கள்?" அந்தக் கேள்விக்குப் பதிலாக அனுப்பிய மின்னஞ்சலை எழுதி முடிக்க எனக்கு நான்கு நாள் பிடித்தது. எழுதுவதற்கு ஒரு மணித்தியாலம்தான். மீதி நேரமெல்லாம் எந்த வழியைக் கேட்பது என்று முடிவு செய்வதில் போனது.

என் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. 648 கிலோவையும் நட்டமாகக் காட்டி, இருப்புக் கணக்கிலிருந்து ஒரே வரியில் பதிவழிக்கலாம். நட்டம் என்று முடிவு செய்யாமல், அடுத்த எண்ணிக்கை வரை தொங்கல் கணக்கில் போட்டு வைக்கலாம். யாரிடமாவது அறவிடலாம். அல்லது குறைவைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் வைத்து, ஆதாரம் உள்ளதை ஆதாரத்தோடும் இல்லாததை இல்லை என்று சொல்லியும் பதிவழிக்கக் கேட்கலாம்.

வழியைத் தேர்வதற்கு முன் ஒரு வேலை இருந்தது. ஏப்ரல் 1 காலை, முதல் நாள் எண்ணாத இருவரைக் கொண்டு மறுபடி எண்ணுவித்தேன். கணினித் தொகையை அவர்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் மனம் அந்தத் தொகையை நோக்கியே எண்ணும். இரண்டு மூடை கூடினாலும் குறைந்தாலும் "சரியாத்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவார்கள். அவர்களும் 168 மூடை என்றார்கள். எண்ணியதில் பிழையில்லை.

முழுவதையும் ஒரேயடியாகப் பதிவழிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். சுலபம், விரைவு, கணினியும் கிட்டங்கியும் அன்றே ஒத்துப் போகும். எங்கள் முதலாளிக்கும் அதுதான் விருப்பம். ஆண்டு முடிவில் இழுபட வேண்டாம், போனது போகட்டும் என்றார். நானும் பாதி மனதோடு சம்மதித்திருப்பேன், அந்த 8 மூடை கண்ணில் படாமல் இருந்திருந்தால்.

31ஆம் திகதி பின்னேரம் நான்கு மணிக்கு எங்கள் சின்ன லொறி 8 மூடையோடு சாவகச்சேரிக்குப் போயிருந்தது. கடைக்காரர் கையெழுத்து வைத்த விநியோகச் சீட்டு சாரதியின் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. கணினியில் ஏறியது ஏப்ரல் 2. அதாவது சரக்கு எண்ணுவதற்கு முன்னே வெளியே போய்விட்டது. கணினிக்கு அது தெரியாது. 648இல் 200 கிலோ குறைவே இல்லை. அது விற்பனை.

அதையும் சேர்த்துப் பதிவழித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கொஞ்சம் பாருங்கள். 648ஐக் கழித்ததும் கணினி இருப்பு 4,212 ஆகிவிடும். இரண்டு நாள் கழித்து அந்தச் சீட்டைப் பதியும்போது இன்னொரு 200 கழியும். கணினி 4,012 காட்டும். கிட்டங்கியில் இருப்பதோ 4,212. அடுத்த எண்ணிக்கையில் 200 கிலோ கூடுதலாக வரும், எல்லோரும் மகிழ்ச்சியடைவோம். முதல் ஆண்டில் இல்லாத நட்டம், அடுத்த ஆண்டில் இல்லாத இலாபம். ஒரு பொருள் ஒரு எண்ணிக்கையில் குறைந்து அடுத்ததில் ஏறக்குறைய அதே அளவு கூடினால், அங்கே சரக்கு நகரவில்லை, சீட்டுத்தான் நகர்ந்திருக்கிறது. பழைய இருப்பெடுப்புக் கோப்புகளைப் புரட்டினேன். எங்களிடமே அப்படி ஒரு சோடி இருந்தது, சீனியில். அப்போது யாரும் கவனிக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சீட்டை ஏப்ரல் 2 என்றே பதிந்தால், மார்ச் 31 கணக்கில் இருப்பு 200 கிலோ கூடத் தெரியும், விற்பனை அதற்கேற்பக் குறையத் தெரியும். இரண்டையும் மார்ச் 31க்கே கொண்டு போக வேண்டும். அது என் அதிகாரத்தில் இல்லை. ஆண்டு முடிவில் பின்திகதியிட்டுப் பதிவது கணக்குப் பிரிவின் வேலை. ஆகவே மின்னஞ்சலில் முதல் கோரிக்கை பதிவழிப்பாக இருக்கக் கூடாது, இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பதிவழிக்கக் கேட்கும் ஒருவர் முதலில் தன் தொகையைத் தானே குறைத்துக் காட்டினால், அடுத்ததை வாசிப்பவர் வேறு கண்ணோடு வாசிப்பார்.

இனி மிச்சம் 448 கிலோ. இங்கேதான் நான் கிட்டத்தட்ட ஏமாந்தேன்.

கட்டும் மேசையில் ஏதோ நடக்கிறது என்ற சந்தேகம் இருந்தது. கணினி, பருப்பை மூடைக் கணக்கில் கழிப்பதில்லை. ஒரு கிலோ பக்கற் ஒன்று கட்டினதாகப் பதிந்தால் ஒரு கிலோ கழிக்கும். பக்கற்றுக்குள் உண்மையில் எவ்வளவு போனது என்று அதற்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பக்கற்றிலும் சில கிராம் கூடப் போனால், அது எந்த அறிக்கையிலும் வராமல் அடுத்த எண்ணிக்கை வரை சேர்ந்துகொண்டே இருக்கும்.

பன்னிரண்டு வெவ்வேறு கட்டு நாட்களிலிருந்து ஐந்தைந்தாக 60 பக்கற் எடுத்து, கடையொன்றில் இரவல் வாங்கிய தராசில் நிறுத்தேன். சராசரி 1,014 கிராம். ஆறு மாதத்தில் கட்டியது 31,400 பக்கற். பதினான்கு கிராமால் பெருக்கினால் 439.6 கிலோ. தேடியது 448! எட்டுக் கிலோ வித்தியாசத்தில் எல்லாம் பொருந்திவிட்டது. அன்று இரவே மின்னஞ்சலை எழுதத் தொடங்கினேன்.

எழுதும்போதுதான் மார்கழி மழை நினைவுக்கு வந்தது. கூரைத் தகரத்தின் ஆணி கழன்று, சுவரோரம் அடுக்கியிருந்த பருப்பு நனைந்து, பூஞ்சணம் பிடித்து, மூன்று மூடை கொட்டினோம். அது 75 கிலோ. அதைச் சேர்த்தால் 514.6 கிலோவுக்குக் காரணம் இருக்கிறது. குறைவோ 448 மட்டும். காரணங்கள் குறைவை விடக் கூடிவிட்டன. பருப்பு தானாக விளையாது, எங்கோ நான்தான் பிழை விட்டிருக்கிறேன்.

பிழை சின்னது. பக்கற்றைக் கடதாசியோடு, அதாவது பிளாஸ்ரிக் உறையோடு நிறுத்திருந்தேன். வெறும் உறை 6 கிராம். கட்டும் பெடியள் உறையைத் தராசில் வைத்துப் பூச்சியம் ஆக்கிவிட்டுத்தான் பருப்பைப் போடுவார்கள். எனவே உண்மையான கூடுதல் 14 கிராம் அல்ல, 8 கிராம். 31,400 பக்கற்றுக்கு 251 கிலோ. ஆறு கிராம் உறை, 188 கிலோ பருப்பை விழுங்கப் பார்த்தது. அந்த மின்னஞ்சல் போயிருந்து, கணக்காய்வாளர் ஒரு பக்கற்றை வெட்டி நிறுத்திருந்தால், என் மிச்ச ஆதாரங்களையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

எட்டுக் கிராமுக்கு இரண்டாவது சாட்சி தேவைப்பட்டது. முத்திரையிட்ட ஒரு கிலோ படிக்கல்லை எங்கள் மேசைத் தராசில் வைத்தேன். 992 காட்டியது. அதாவது பெடியள் தராசு 1,000 காட்டும் வரை பருப்பைப் போட்டால், உள்ளே 1,008 போய்விடும். இரண்டும் ஒன்றையொன்று சரி என்கின்றன. தராசின் பக்கவாட்டில் இருந்த முத்திரை இரண்டு வருடம் பழையது. வியாபாரத் தராசுக்கு வருடாவருடம் அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரை குத்துவிக்க வேண்டும். ஒக்டோபர் முதல் வாரத்தில் பழைய தராசு பழுதாகி, மூலையில் கிடந்த இதை மேசைக்கு எடுத்து வந்தது நான்தான். முத்திரையைப் பார்க்காததும் நான்தான். அதை மின்னஞ்சலில் மறைக்கவில்லை.

ஆனால் படிக்கல் இன்றைய நிலையைத்தான் சொல்லும். இருக்கும் பக்கற்றுகளும் கடைசி சில வாரங்களில் கட்டியவை. நவம்பரில் கட்டியதெல்லாம் எப்போதோ சமைத்துச் சாப்பிட்டாகிவிட்டது. அப்போதும் தராசு இப்படித்தான் காட்டியதா? இதற்கு உதவியது மேசைக் கொப்பி. ஒவ்வொரு நாளும் எத்தனை மூடை அவிழ்த்தது, எத்தனை பக்கற் வந்தது என்று கட்டுபவர்கள் பென்சிலால் எழுதி வைப்பார்கள். யாரும் அதைக் கூட்டிப் பார்த்ததில்லை. ஆறு மாதத்தில் அவிழ்த்தது 1,267 மூடை, அதாவது 31,675 கிலோ. வந்தது 31,400 பக்கற். இடையில் 275 கிலோ. மாதவாரியாகப் பிரித்தால் ஒக்டோபரிலிருந்தே ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைகிறது. ஒரே மாதத்தில் பெரிதாக விழவில்லை. ஒரு மாதத்தில் மட்டும் விழுந்திருந்தால் தராசை விட்டுவிட்டுக் கதவைப் பார்த்திருப்பேன்.

275இல் 251 தராசின் கூடுதல். மீதி 24 கிலோ தூசு, சிந்தல், மூடையிலேயே இருந்த சிறு குறைவு. மேசைக்குக் கீழே கூட்டும் பருப்பை ஒருவர் கோழிக்கு வாங்கிப் போவார், காசில்லாமல். அதற்கு எந்தச் சீட்டும் இல்லை.

நனைந்த மூடைகளுக்கு வருவோம். மூன்று கொட்டினோம் என்று எனக்கும் தெரியும், பெடியளுக்கும் தெரியும். கைத்தொலைபேசியில் படம் இருக்கிறது, தகரம் திருத்திய பில்லும் இருக்கிறது, இரண்டும் ஒரே வாரம். ஆனால் படத்தில் தெரிவது இரண்டு மூடைதான். மூன்றாவது மூடை படத்துக்கு வெளியே இருந்திருக்கும். படத்தை இணைத்துவிட்டு மூன்று என்று எழுதினால், அக்கா முதலில் செய்வது படத்தில் மூடையை எண்ணுவதாகத்தான் இருக்கும். எனவே 50 கிலோ மட்டும் ஆதாரத்தோடு என்று எழுதி, மிச்ச 25ஐக் காரணம் தெரியாத பகுதிக்குத் தள்ளினேன். எனக்குத் தெரிந்த உண்மைக்கும் நான் காட்டக்கூடிய உண்மைக்கும் நடுவில் ஒரு மூடை.

ஆக 448இல் மேசைக்குப் போனது 275, மழைக்குப் போனது 50, காரணம் காட்ட முடியாதது 123.

இந்த 123தான் இரண்டாவது வழியைப் பற்றி யோசிக்க வைத்தது. தொங்கல் கணக்கில் வைத்தால் என்ன? ஆண்டின் நடுவில், ஓகஸ்டில் வந்த குறைவாக இருந்தால் நானே அதைக் கேட்டிருப்பேன். முப்பது நாள் தவணை போட்டு, இன்ன திகதிக்குள் காரணம் கிடைக்காவிட்டால் பதிவழிப்பு என்று எழுதி வைத்துத் தேடலாம். நடுவில் நிற்கும் லொறிச் சீட்டு, திருப்பி வந்த சரக்கு, கிளையில் தவறிப் போன மூடை எல்லாம் அந்த முப்பது நாளில்தான் அகப்படும். ஆண்டு முடிவில் அது சரிவராது. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2, இருப்பில் ஏற்பட்ட நட்டத்தை அது ஏற்பட்ட காலப்பகுதியிலேயே செலவாகக் காட்டச் சொல்கிறது. இரு தரம் எண்ணி இல்லை என்று கண்ட பருப்பைத் தொங்கலில் வைத்தால், இல்லாத பருப்பை மார்ச் 31 ஐந்தொகையில் சொத்தாகக் காட்டுகிறோம் என்று அர்த்தம். அத்தோடு, திகதி போடாத தொங்கலை நான் நம்புவதில்லை. எங்கள் புத்தகத்தில் யார் வைத்தது, ஏன் வைத்தது என்று இப்போது எவருக்கும் தெரியாத தொங்கல் மீதி ஒன்று இன்னும் கிடக்கிறது.

மூன்றாவது வழி அறவிடுவது. மேசையில் வேலை செய்யும் மூன்று பெடியளின் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டலாம் என்று ஒருவர் சொன்னார். 275 கிலோவின் பெறுமதி 71,500 ரூபாய். அதை மூவர் தலையில் போடுவதா? தராசு பிழை காட்டியது. அவர்கள் தராசு சொன்னதைச் செய்தார்கள். சட்டப்படியும் ஊழியரின் சம்பளத்தில் நினைத்தபடி கை வைக்க முடியாது, 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் அதற்கு எல்லை வைத்திருக்கிறது. அதை விடப் பெரிய பயம் எனக்கு வேறு. ஒரு தரம் வெட்டினால், அடுத்த ஆறு மாதம் அவர்கள் தங்களைக் காப்பாற்றிக் கொள்ள ஒவ்வொரு பக்கற்றிலும் நான்கைந்து கிராம் குறைத்துப் போடுவார்கள். அப்போது இருப்பு சரியாக வரும், பக்கற் குறை நிறையோடு கடைக்குப் போகும். அந்தப் பிழையை எந்த இருப்பெடுப்பும் காட்டாது. வாடிக்கையாளரின் தராசுதான் காட்டும். இன்னொரு விளைவும் உண்டு: அந்த மேசைக் கொப்பியில் இனி யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். என் கையில் இருந்த மிக நல்ல ஆதாரமே அதுதான்.

கொழும்பு விநியோகஸ்தரிடம் மூடை நிறை குறைவு என்று கேட்கலாமா? வந்த அன்றே நிறுத்து எழுதியிருந்தால் கேட்கலாம். நாங்கள் மூடையை எண்ணித்தான் இறக்குகிறோம், நிறுப்பதில்லை. காப்புறுதியில் மழைக்கு 13,000 ரூபாய்தான் கேட்கலாம், நாங்கள் பொறுக்க வேண்டிய முதல் தொகையே அதைவிடக் கூட. அறவிடும் வழி அதோடு மூடிக்கொண்டது.

மிஞ்சியது நான்காவது வழி. அதற்கும் ஒரு விலை உண்டு. வேலை கூட, அத்தோடு, "காரணம் தெரியாது" என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். 123ஐயும் எப்படியாவது மேசைக் கணக்கில் தள்ளியிருந்தால் மின்னஞ்சல் அழகாக இருந்திருக்கும். தள்ளுவதற்கு 8 கிராமை 12 ஆக்கினால் போதும். ஆனால் படிக்கல் 992 என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அதை எப்படி எழுதுவது?

ஏப்ரல் 4 காலை அனுப்பியது இது. தலைப்பு வரியிலேயே தொகையைப் போட்டேன், திறக்காமலே என்ன கேட்கிறேன் என்று தெரியட்டும் என்று.

பொருள்: மைசூர் பருப்பு, மார்ச் 31 இருப்பெடுப்பு – 648 கிலோ குறைவு, 200 கிலோ பதிவுத் திருத்தம், 448 கிலோ (ரூ. 116,480) பதிவழிப்புக் கோரிக்கை

வணக்கம் அக்கா,

மார்ச் 31 இருப்பெடுப்பில் கணினி இருப்பு 4,860 கிலோ, எண்ணியது 4,212 கிலோ. ஏப்ரல் 1 அன்று வேறு இருவர் கணினித் தொகை தெரியாமல் மறுபடி எண்ணி அதே தொகையைக் கண்டார்கள். இரு எண்ணிக்கைத் தாள்களும் இணைப்பில்.

முதலில் ஒரு திருத்தம். 200 கிலோ (8 மூடை, ரூ. 52,000) மார்ச் 31 மாலை 4 மணிக்கு விற்பனைக்குப் போயிருக்கிறது. சீட்டு ஏப்ரல் 2இல்தான் பதியப்பட்டது. கடைக்காரர் கையெழுத்திட்ட சீட்டும், வாயில் கொப்பியில் லொறி வெளியேறிய நேரமும் இணைப்பில். சரக்கு வெளியேறியதையும் விற்பனையையும் மார்ச் 31க்கு மாற்றித் தாருங்கள். இது நட்டம் இல்லை, இதற்குப் பதிவழிப்பு வேண்டாம்.

மீதி 448 கிலோவைக் கிலோ ரூ. 260 கிரயத்தில் மூன்று வரியாகப் பதிவழிக்கக் கேட்கிறேன்.

கட்டும் மேசை, 275 கிலோ, ரூ. 71,500. தராசு ஒரு கிலோ படிக்கல்லை 992 கிராம் காட்டுகிறது. 60 பக்கற்றின் சராசரி, உறை கழித்து, 1,008 கிராம். ஒக்டோபர் முதல் மேசைக் கொப்பியில் அவிழ்த்த மூடைக்கும் கட்டிய பக்கற்றுக்கும் இடைவெளி 275 கிலோ. இதில் 251 கிலோ தராசினால், மீதி சிந்தலும் தூசும். முத்திரை காலாவதியான தராசை மேசைக்குக் கொண்டு வந்தது என் கவனக்குறைவு. நிறுத்த தாளும் கொப்பியின் பிரதியும் இணைப்பில்.

மழையில் பழுதானது, 50 கிலோ, ரூ. 13,000. படமும் தகரம் திருத்திய பில்லும் இணைப்பில். கொட்டியது மூன்று மூடை. படத்தில் இரண்டு மட்டும் தெரிவதால் இரண்டையே இங்கே சேர்த்திருக்கிறேன். கொட்டிய அன்று அழிப்புச் சீட்டு எழுதவில்லை.

காரணம் காட்ட முடியாதது, 123 கிலோ, ரூ. 31,980. மேலே சொன்ன மூன்றாவது மூடையும் இதற்குள் அடக்கம். பூட்டு, சாவிப் பதிவு, வாயில் கொப்பி பார்த்தேன். சந்தேகப்படும்படி எதுவும் அகப்படவில்லை. களவு இல்லை என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. தயவு செய்து இதை மற்ற இரண்டோடு சேர்க்காமல் தனி வரியாக வையுங்கள்.

முதல் இரண்டு வரிக்குக் காரணமானவை நிறுத்தப்பட்டிருக்கின்றன. தராசை ஏப்ரல் 1 முதல் பாவிக்கவில்லை; திணைக்களத்தில் முத்திரையிட்ட வேறு தராசு வந்துவிட்டது, தினமும் காலையில் படிக்கல் வைத்துக் கொப்பியில் எழுதுகிறோம். மேசைக்குப் போகும் பருப்பைப் பக்கற் கணக்கில் அல்லாமல் அவிழ்த்த மூடைக் கணக்கில் கழிக்கக் கணினியில் மாற்ற முடியுமா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஏப்ரல் 30 அன்று பருப்பை மட்டும் தனியாக எண்ணி முடிவை அனுப்புகிறேன்.

நன்றி அக்கா.

மூன்றாவது வரியைத் தனியாக வைக்கச் சொன்னதற்குக் காரணம், அது அடுத்த எண்ணிக்கையோடு ஒப்பிடுவதற்கு. தராசு மாற்றிய பிறகும் மாதம் இருபது கிலோ காரணமின்றிக் குறைந்தால் அது தராசில்லை. மற்றவற்றோடு கலந்துவிட்டால் அதைக் காண முடியாது.

அக்கா மதியத்துக்குள் தொலைபேசியில் அழைத்தார். பதிவழிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. "தம்பி, அந்த 275ஐ எங்கே போடுறது? பக்கற் கிரயத்துக்குள்ளேயா, வெளியேயா?" என்றார். நான் அதை யோசித்திருக்கவில்லை. அதே நியமம் 2 இதற்கும் பதில் வைத்திருக்கிறது: வழக்கத்துக்கு மாறான வீணாக்கல் இருப்பின் கிரயத்தில் சேராது, நேரே செலவு. வழக்கமான சிந்தல் கிரயத்துக்குள் இருக்கலாம். ஆகவே 24 கிலோ உள்ளே, 251 வெளியே என்று அவரே பிரித்துக் கொண்டார். முழுவதையும் கிரயத்துக்குள் விட்டிருந்தால், தராசின் பிழை பக்கற்றின் விலையாக மாறி, அடுத்த விலைப்பட்டியலில் வாடிக்கையாளரிடம் கேட்டிருப்போம்.

பிறகு இன்னொரு கேள்வி. "ராக்கையிலே இன்னும் விற்காத பக்கற் இருக்குத்தானே. அதுக்குள்ள இருக்கிற எட்டுக் கிராம் எங்கட கையிலேதானே இருக்கு?" எண்ணினோம்: 1,900 பக்கற். கூடுதலாக உள்ளே இருப்பது 15 கிலோவுக்குச் சற்று மேல், நாலாயிரம் ரூபாய்க்குக் கிட்ட. பிரித்துக் கட்டினால் உறையும் கூலியும் அதில் பெரும் பங்கைத் தின்றுவிடும். அப்படியே ஒரு கிலோவாகத்தான் விற்கப் போகிறோம் என்றேன். "சரி, விடுங்கோ" என்றார்.

முதலாளி மூன்று வரியிலும் கையெழுத்து வைத்தார். 123 கிலோ வரிக்கு நேரே மட்டும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.